வலி விட்டுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்

அக்காமாரே, தங்கச்சிமாரே, மழையோடு இறங்கி வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கொழுந்து மலையில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணி. குனிந்து நிமிர்ந்ததும் வலது அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. கூடையை இறக்குவதற்குள் வாந்தி. லயத்துக்குக் கூட்டிவந்து இஞ்சித் தண்ணீர் கொடுத்து, எண்ணெய் தடவுகிறார்கள். ஒரு மணிக்கு வலி தணிகிறது. "வாயுதான், கலைஞ்சிருச்சு" என்கிறார் மாமி. இரவு ஏழு மணிக்கு அதே வலி திரும்பி வருகிறது, அப்புறம் விடவேயில்லை.

உள்ளே நடந்தது இதுதான். கருப்பைக்கு இரு பக்கமும் உள்ள சூலகங்கள் இரத்தக்குழாய்கள் ஓடும் காம்பில் தொங்குகின்றன. அந்தப் பிள்ளையின் வலது சூலகத்தில் அவளுக்கே தெரியாமல் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி என்றால் அந்தக் கனத்தில் சூலகம் சுழன்றுவிடலாம். பந்தலில் தொங்கும் சௌசௌக்காய் காம்போடு முறுக்கிக்கொள்வதுபோல. முறுக்கினால் முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள நாளங்கள். இரத்தம் உள்ளே போகும், வெளியே வராது. சூலகம் வீங்கும். வீக்கம் முற்றினால் உள்ளே போகும் இரத்தமும் நின்று, சூலகம் சாகத் தொடங்கும். இது நாள் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் நடப்பது.

பகலில் வலி ஏன் விட்டது? முறுக்கு கொஞ்சம் அவிழ்ந்திருக்கும். கட்டி அங்கேயேதான் இருக்கிறது, மறுபடி சுழலும். அந்தப் பகல் ஒரு மணியில்தான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்க வேண்டும்.

அப்பெண்டிக்ஸ் என்றால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வலப்பக்கம் இறங்கும். இதிலோ ஒரு பக்கமாகவே திடீரென்று பிடிக்கும், கூடவே வாந்தி. ஆனாலும் வீட்டில் இருந்து பிரித்தறிய வேண்டாம், இரண்டுமே அவசரம்தான். பெரியபிள்ளையாகாத சிறுமிக்கும் கர்ப்பிணிக்கும்கூடச் சூலகம் முறுக்கிக்கொள்ளலாம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இதற்கு வைத்தியம் இல்லை. ஸ்கேனும் ஒபரேஷன் தியேட்டரும் உள்ள ஆஸ்பத்திரி வேண்டும். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம், ஆகவே வழியில் பிளேன்டீகூடக் கொடுக்காதீர்கள். அங்கே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். கல்யாணமாகாத பிள்ளைக்கு எதற்கு என்று சண்டைக்குப் போகாதீர்கள். கருப்பைக்கு வெளியே தங்கிய கருவும் இதே வலியைத் தரும்.

இன்னொன்று, ஸ்கேனில் இரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இருக்கலாம். அதனால் டொக்டருக்கு உங்கள் வாய்ச்சொல் முக்கியம்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது வாந்தி, இடையில் எப்போது விட்டது, கடைசி மாதவிடாய் எப்போது.

ஒபரேஷன் என்றதும் "சூலகத்தை எடுத்துருவாங்களா?" என்று பயப்படுவோம். கருநீலமாகத் தெரிந்தாலும் முறுக்கை அவிழ்த்துவிட்டால் பல தடவை அது பிழைத்துக்கொள்கிறது. இப்போது முடிந்தவரை அப்படியே விட்டுவைக்கிறார்கள். கட்டியை அன்றே எடுப்பதா, வீக்கம் வடிந்த பிறகா என்பதை வயிற்றைத் திறந்து பார்த்தவர்தான் முடிவுசெய்வார்.