ஒரு கப் களியில் எத்தனை கிராம் கேப்பை?

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை உள்ளவர்கள் நிறைய பேர் என்னிடம் சொல்வது இதுதான்: "அரிசியை விட்டுட்டேம்மா, மத்தியானம் கேப்பைக் களிதான்." எவ்வளவு சாப்பிடுறீங்க என்று கேட்டால், சோறு சாப்பிட்ட அதே கப் அளவு என்பார்கள். அந்த ஒரு கப் களியில் உண்மையில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 100 கிராம் கேப்பைக்குச் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம் என்று இருக்கும். அது உலர்ந்த தானியத்துக்கு உள்ள கணக்கு. நாம் சாப்பிடுவதோ தண்ணீர் குடித்து ஊதிய தானியம். அதனால் வெந்த கப்பை முதலில் உலர் எடைக்குத் திருப்பணும், அப்புறம்தான் அட்டவணையைத் தொடணும்.

செய்வது சுலபம், சமையல் தராசு ஒன்று போதும். வெறும் சட்டியை நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலரும் மறப்பது இதைத்தான், களி கிண்டி முடித்த பிறகு சட்டி எடை தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். 200 கிராம் மாவு போட்டுக் கிண்டி, அடுப்பை அணைத்ததும் சட்டியோடு நிறுங்கள், சட்டி எடையைக் கழியுங்கள். என் அடுப்பில் களி 700 கிராம் வந்தது. 700-ஐ 200-ஆல் வகுத்தால் மூன்றரை, அதாவது மாவு மூன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. இப்போது 200 மில்லி கப்பில் களியை அழுத்தி வைத்து நிறுத்தால் 210 கிராம். அதை மூன்றரையால் வகுத்தால் 60 கிராம் மாவு. ஒரு கப் களி என்பது அவ்வளவுதான்.

சோற்றுக்கும் இதே மாதிரி. 200 கிராம் அரிசியை வடித்தால் 560 கிராம் சோறு, 2.8 மடங்கு. சோறு உதிரியாக நிற்பதால் அதே கப்பில் 150 கிராம்தான் பிடிக்கும், வகுத்தால் ஏறக்குறைய 54 கிராம் அரிசி. வடித்த கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்தும் போய்விடும் என்பதால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோற்றுக் கப்பில் மாவுச்சத்து சுமார் 42 கிராம், களிக் கப்பில் 40. கலோரி இரண்டிலுமே 190-ஐ ஒட்டித்தான். களி என்பதால் சர்க்கரை ஏறாது என்று இன்னொரு கரண்டி சேர்த்து வைத்துக்கொள்வது சரியில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். நார்ச்சத்தில் கேப்பை நிச்சயம் மேல்: சோற்றில் ஒன்றரை கிராம், களியில் கிட்டத்தட்ட ஏழு. சுண்ணாம்புச் சத்தோ சோற்றில் 4 மில்லிகிராம், களியில் 218. அதில் எல்லாமே உடம்பில் ஒட்டாது, அப்படியிருந்தும் பெரிய வித்தியாசம்.

அதே கேப்பையைக் கூழாகக் காய்ச்சினால் கணக்கே மாறிவிடும். மாவு எட்டு மடங்கு ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டால் ஒரு கப் கூழில் 25 கிராம் மாவுதான், மாவுச்சத்து 17 கிராம், சுண்ணாம்பு 91 மில்லிகிராம். வெயிலில் வண்டிக் கடையில் ஒரு சொம்பு குடிப்பவர் எத்தனை கப் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

கோதுமை ரவை சோறு மூன்று மடங்கு ஆனது, கப் 160 கிராம், அதாவது 53 கிராம் ரவை. மாவுச்சத்து 34 கிராம், புரதம் ஐந்தரை. அரிசிக் கப்பில் புரதம் நாலே கால்தான். சப்பாத்தியைக் கப்பில் அளக்க முடியாது, அதனால் எண்ணிக்கையில் பிடியுங்கள்: 200 கிராம் மாவில் எட்டு சுட்டால் ஒன்றுக்கு 25 கிராம், இரண்டு சப்பாத்தி ஏறக்குறைய ஒரு கப் சோற்று அரிசிக்குச் சமம். எண்ணெய் தனிக் கணக்கு.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நம்ம பக்கம் களியிலும் கூழிலும் நொய் போடுகிற வழக்கம் உண்டு. 150 கிராம் மாவு, 50 கிராம் நொய் போட்டு அதே 700 கிராம் களி வந்தால், கப்பில் உள்ள 60 கிராமில் 45 கேப்பை, 15 அரிசி. சுண்ணாம்புச் சத்து 218-லிருந்து 165-க்கு இறங்கிவிடும், மாவுச்சத்து ஒன்றிரண்டு கிராம் ஏறும். ஆகவே நொய்யையும் தனியாக நிறுத்து எழுதிவிட்டே சட்டியில் போடுங்கள்.