விரியன் என்று சொன்னால் எந்த விரியன்?

நேயர்களுக்கு வணக்கம். பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "என்ன பாம்பு, பார்த்தீர்களா?" என்பது. கூட வந்தவர்கள் "விரியன்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் உடம்பில் முற்றிலும் வேறான வேலை செய்யும் இரண்டு விதமான விஷம் இருக்கிறது. இன்று அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் ஊர்ப்பக்கம் விரியன் என்ற பெயரில் மூன்று பாம்புகளை எல்லாருக்கும் தெரியும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. முதல் இரண்டும் உண்மையிலேயே சொந்தக்காரர்கள்தான். முக்கோணத் தலை, குட்டையான தடித்த உடம்பு, வாய்க்குள் மடங்கிக் கிடந்து கடிக்கும்போது நிமிர்கிற நீண்ட பல். இரண்டும் முட்டையிடாமல் குட்டி போடும். வயிறு விரிந்து வெடித்துத்தான் குட்டி வரும், அதனால்தான் விரியன் என்று ஒரு பேச்சு உண்டு. வயிறு வெடிப்பதில்லை. மற்ற குட்டி போடும் பாம்புகளைப் போலத்தான் இதுவும் ஈனும்.

கட்டுவிரியனுக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. தலை கழுத்தைவிடக் கொஞ்சமே அகலம். உடம்பு வழவழவென்று, நீலம் பாய்ந்த கறுப்பு. குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. பல் சிறியது, மடங்காது. முட்டையிடும். உறவு பார்த்தால் இது நல்ல பாம்பின் குடும்பம். சில ஊர்களில் இதைக் கட்டுவரியன் என்பார்கள், வரி போட்டது என்ற பொருளில். பாம்பின் உடம்புக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம். 'வரியன்' 'விரியன்' என்று ஒலித்ததும் வேறு குடும்பத்துப் பாம்பு விரியன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போலும்.

வந்து உட்கார்ந்ததால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். கண்ணாடி விரியனும் சுருட்டையும் கடித்தால் கடித்த இடம் வீங்கும், வலிக்கும், ரத்தம் உறையும் தன்மை கெடும். இதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் எளிய சோதனை உண்டு. நோயாளியின் ரத்தம் 2 மில்லியை, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் தண்ணீராகவே ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. இரண்டிலும் நல்ல ரத்தமே சரியாக உறையாமல் போகலாம்.

இப்போது கடித்தது கட்டுவிரியன் என்று வையுங்கள். வீக்கம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை, பல் பட்ட தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ராத்திரி தரையில் படுத்துத் தூங்குகிறவரைத்தான் இது பெரும்பாலும் கடிக்கும். பலர் விழிப்பதுகூட இல்லை. சோதனைக் குழாயில் ரத்தம் அழகாக உறையும். "விரியன்" என்ற ஒரே சொல்லை நம்பி வீக்கத்தையும் ரத்தத்தையும் மட்டும் பார்த்தால், விஷம் ஏறவில்லை என்று தோன்றிவிடும். ஏறியிருக்கிறது. இந்த விஷம் தாக்குவது நரம்பை. முதலில் வயிற்றுவலி வரலாம். பிறகு இமை தானாகச் சரியும், விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். நரம்பு முனையையே விஷம் சிதைத்துவிடுவதால், தாமதமாகப் போட்ட முறிவு மருந்தால் அதைத் திருப்ப முடியாது. முனைகள் மறுபடி வளரும்வரை செயற்கை சுவாசக் கருவிதான் மூச்சு விட வைக்கவேண்டும்.

ஆகவே பார்த்தவர்கள் பெயரை மட்டும் சொல்லாமல், கறுப்பில் வெள்ளைக் கோடா, பழுப்பில் சங்கிலி போன்ற வட்டங்களா என்றும் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. அதற்காகப் பாம்பைத் தேடிப் போகவேண்டாம், அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். எட்ட நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், அதற்காகக்கூட நேரம் கடத்தவேண்டாம்.

இந்தக் குழப்பத்தை அறிவியல் பெயர் எப்படித் தீர்க்கிறது? கண்ணாடி விரியன் டபோயா ரஸ்ஸெலி. சுருட்டை எக்கிஸ் கரினேடஸ். கட்டுவிரியன் பங்காரஸ் சீருலியஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு சொல் இருப்பதைக் கவனியுங்கள். முதல் சொல் பேரினம், நெருங்கிய சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பொது. இரண்டாவது சொல் சேர்ந்தால்தான் இனம் எது என்று தெரியும். ஓர் இனத்துக்கு இப்படி ஒரே பெயர்தான் செல்லும். ஒரு பெயரை இரண்டு இனத்துக்குக் கொடுக்க முடியாது. இருவர் இரு பெயர் வைத்திருந்தால் முந்தி வைத்ததே நிற்கும் என்பது விதி. விலங்குகளுக்கு அந்தக் கணக்கு, இந்த இரட்டைச் சொல் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் நூலின் பத்தாம் பதிப்பு வந்த 1758இல் தொடங்குகிறது.

இந்தப் பெயர்களை அந்நியம் என்று ஒதுக்கவேண்டாம். பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினத்தில் இருந்த காலத்தில் சேகரித்த சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். ஊர்க்காரர்கள் சொன்ன பெயரையே அதில் எழுதிவைத்தார். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு பாம்புக்குத் தெலுங்கில் 'பங்காரு' பாம்பு, அதாவது தங்கப் பாம்பு என்று பெயர். 1803இல் பிரான்சின் விலங்கியல் அறிஞர் தோதேன் அதை லத்தீன் வாலோடு 'பங்காரஸ்' ஆக்கினார். நம் கட்டுவிரியன் அந்தத் தங்கப் பாம்பின் பேரினத்தில்தான் இருக்கிறது. 'சீருலியஸ்' என்றால் நீலம், அந்தக் கருநீல மினுக்கு. கண்ணாடி விரியனின் பெயரில் இருப்பவர் அதே ரஸ்ஸல்தான்.

இன்னொன்று, நிகழ்ச்சி நேரம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கிடைக்கும் முறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராகச் செய்யப்படுகிறது. இப்போது சொன்ன மூன்றும் நல்ல பாம்பும். ஆகவே இந்த நான்கில் எது கடித்திருந்தாலும் மருந்து ஒன்றே. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கத் தோட்டங்களில் மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்னக் குழிவிரியன் ஒன்று உண்டு, ஹிப்னேல் ஹிப்னேல். அதுவும் விரியன்தான், உண்மையான விரியன் குடும்பம்தான். ரத்தம் உறையாமலும் செய்யும். ஆனால் அந்த நான்கில் அது இல்லை, அந்த மருந்து அதற்கு வேலை செய்வதில்லை. "விரியன்" என்ற சொல்லில் இந்த வேறுபாடு தெரியாது, இரண்டு சொல் பெயரில் தெரியும்.

அறிவியல் பெயரும் மாறுவதுண்டு. அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் இல்லை. பழைய புத்தகத்தில் வைப்பெரா ரஸ்ஸெலி என்று பார்த்தால் திகைக்கவேண்டாம், அது இன்றைய டபோயா ரஸ்ஸெலியேதான். ஆய்வில் உறவு வேறென்று தெரிந்தால் முதல் சொல் மாறும், இரண்டாவது சொல் பாம்போடு கூடவே வரும். வணக்கம்.