கஞ்சியின் கொழகொழப்பும் கெட்ட கொழுப்பும்

அனைவருக்கும் வணக்கம். இந்த மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருக்கின்றன. ஒன்றில் அரிசிக் கஞ்சி, இன்னொன்றில் ஓட்ஸ் கஞ்சி. இரண்டையும் காலையில் நானே காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுவந்தேன். பார்வைக்கு இரண்டும் கெட்டியாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். ஓட்ஸ் கஞ்சியில் வெண்டைக்காய் நறுக்கும்போது வருவதுபோல ஒரு வழுவழுப்பு இருக்கும். அந்த வழுவழுப்பு இரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பை எப்படிக் குறைக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

அரிசிக் கஞ்சியின் கெட்டித்தன்மை மாவுச்சத்தால் வருவது. நம் எச்சிலிலும் சிறுகுடலிலும் அதை வெட்டும் நொதி இருக்கிறது, அதனால் சீக்கிரம் நீர்த்துப்போகும். ஓட்ஸின் வழுவழுப்பு பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்திலிருந்து வருகிறது. தண்ணீரில் கரையும், ஆனால் அதை வெட்டும் நொதி நம்மிடம் கிடையாது. சிறுகுடல் முழுவதும் அது கொழகொழவென்றே பயணம் செய்யும்.

அந்தப் பயணத்தில் அது யாரைப் பிடிக்கிறது? பித்த அமிலத்தை. நாம் சாப்பிட்ட எண்ணெயைக் கரைக்க ஈரல் பித்தத்தைக் குடலுக்குள் விடுகிறது. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சி ஈரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். வீட்டில் பால் பாத்திரத்தைக் கழுவி மறுநாளும் அதையே பயன்படுத்துகிறோமே, அதுபோல. இந்த நார்ப்பசை இருந்தால் பித்த அமிலத்தில் ஒரு பங்கு அதில் சிக்கி மலத்தோடு போய்விடும். ஈரல் புதிதாகச் செய்தாக வேண்டும். பித்த அமிலத்துக்கு மூலப்பொருள் எது தெரியுமா? கொலஸ்ட்ரால்தான். கையிருப்பு குறைந்ததும் ஈரல் தன் மேற்பரப்பில், கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் கூட்டுகிறது. இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் குறைகிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையும் கடைசியில் இதே ஏற்பிகளைத்தான் கூட்டுகிறது. வழிதான் வேறு.

பசைதான் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சிறுகுடலின் முனையை வயிற்றுச் சுவர் வழியே வெளியே திறந்து வைத்த நோயாளிகள் சிலருக்கு ஸ்வீடனில் ஓட்ஸ் தவிட்டைக் கொடுத்து, வெளியேறிய பித்த அமிலத்தை அளந்தார்கள். கூடியிருந்தது. பிறகு அதே தவிட்டில் பீட்டா குளுக்கானை வெட்டும் நொதியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கூடுதல் குறைந்துவிட்டது. 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வில், மூலக்கூறு சிதைந்த பீட்டா குளுக்கானைத் தினமும் 4 கிராம் கொடுத்தும் பெரிய பலன் இல்லை. சிதையாதது 3 கிராமே எல்டிஎல்லை 5 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்தது. ஆகவே எத்தனை கிராம் என்பதோடு, எந்த நிலையில் வயிற்றுக்குள் போகிறது என்பதும் முக்கியம்.

சரி, ஒருவர் கதையைச் சொல்கிறேன். என்னிடம் வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வயது 58. எல்டிஎல் 152. "மூணு மாசமா ஓட்ஸ் சாப்பிடுறேங்க, ரிப்போர்ட்டில் 149 தான் வருது. இதெல்லாம் ஏமாத்து வேலைதானே?" என்று கேட்டார். அவர் கோபம் நியாயமானது. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு கரண்டி ஓட்ஸைப் பாலில் கரைத்து, கட்டி பிடிக்கக் கூடாதென்று வடிகட்டி, ஒரு டம்ளர் குடிப்பாராம்.

இரண்டு கரண்டி என்பது சுமார் 20 கிராம். ஓட்ஸில் பீட்டா குளுக்கான் ஏறக்குறைய 4 சதவீதம். அப்படியென்றால் 0.8 கிராம். வடிகட்டியதில் அதிலும் ஒரு பங்கு சல்லடையில் போயிருக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை 1997-ல் ஓட்ஸ் பொட்டலத்தில் இதய நலன் பற்றி எழுத அனுமதித்தபோது சொன்ன அளவு நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான். அதற்கு 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். ஒரு வேளைக்கு அது நிறைய. காலையில் 40 கிராம் கஞ்சி, இரவு தோசை மாவிலோ சப்பாத்தி மாவிலோ 35 கிராம் பொடி என்று பிரித்துக்கொள்ளச் சொன்னேன். பார்லியிலும் இதே நார் இருக்கிறது. ஓட்ஸ் வாய்க்குப் பிடிக்காதவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பருப்பு வகை. "தினமும் சாம்பார் உண்டுங்க" என்றார். நாலு பேருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போட்டு நீட்டிய சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வருவது கொஞ்சம்தான். தோலும் நீக்கிய பருப்பு. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நாளுக்கு 130 கிராம் வெந்த பயறு சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் சுமார் 5 சதவீதம் குறைந்தது. அது ஊறவைக்காத கணக்கில் 50, 60 கிராம். ஒரு கிண்ணம் நிறைய கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டலாக.

பழத்தில் இந்த வேலையைச் செய்வது பெக்டின் என்ற நார். கொய்யாவில் ஜெல்லி உறைவது அதனால்தான். ஆரஞ்சில் பெக்டின் எங்கே அதிகம் தெரியுமா? சுளையைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் தோலில். அதைத்தான் நாம் நார் நாராக உரித்து ஓரமாக வைக்கிறோம். ஜூஸ் பிழிந்து வடிகட்டினால் சக்கையோடு பெரும்பங்கு போய்விடுகிறது. அதனால் சுளையாகவே மென்று தின்னச் சொன்னேன்.

எட்டு வாரம் கழித்து வந்தார். எல்டிஎல் 137. ஆனால் அவர் மாலையில் தின்றுவந்த பஃப்ஸையும் நிறுத்தியிருந்தார். ஆகவே அந்த 12 புள்ளியும் நாரால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஆளுக்கு எந்த மாற்றமும் செய்யாமல் இரண்டு முறை பரிசோதித்தாலும் எல்டிஎல் சில புள்ளிகள் முன்பின் இருக்கும். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். அதே பரிசோதனைக்கூடத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன்.

5, 10 சதவீதம்தானா என்று நினைப்பீர்கள். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். அதனால் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த நார் நல்ல துணை. ஆனால் மாற்று அல்ல. மாரடைப்பு வந்தவர்களும் எல்டிஎல் 190-ஐத் தாண்டியவர்களும் சுண்டலை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பரம்பரையாகவே ஏற்பி குறைவாக இருப்பவர்களுக்கு மாத்திரை கட்டாயம் தேவைப்படும்.

இன்னும் ஒன்று. ஒரே நாளில் அளவைக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும். பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் இந்த நாரை நொதிக்க வைப்பதால் வருவது அது. இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், மாத்திரை போட்டவுடன் ஓட்ஸ் கஞ்சி குடிக்காதீர்கள். பித்த அமிலத்தைப் பிடிக்கிற பசை மாத்திரையின் உறிஞ்சலையும் குறைக்கலாம். வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணங்கள் இங்கேயேதான் இருக்கின்றன, வந்து தொட்டுப் பாருங்கள்.