அதிகாரித் தேர்வு எழுதலாமா? யாரைக் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம். பொதுத்துறை வங்கியில் கிளார்க்காக இருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மதுரைக் கிளை, வயது 40, பையன் பத்தாம் வகுப்பு. அதிகாரி ஆவதற்கான பதவி உயர்வுத் தேர்வை எழுதலாமா என்று யோசிக்கிறார். கிளார்க்கைப் பெரும்பாலும் மாநிலத்துக்குள்தான் மாற்றுவார்கள். அதிகாரியானால் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போடலாம்.

வழக்கமாக அவர் யாரைக் கேட்பார்? பக்கத்து கவுண்டர்காரரை. அவரும் தேர்வு எழுதாதவர். "எதுக்கு சார் வம்பு?" என்பார். இவருக்குத் தெரியாத எதுவும் அந்தப் பதிலில் இல்லை.

நான்கு பேர் போதும். உடன் வேலை பார்த்தவர்களில் இருவர்: பதவி உயர்வு வாங்கி வெளி மாநிலம் போனவர் ஒருவர், வந்த உத்தரவை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர் ஒருவர். மறுத்தவரை யாருமே தேடிப்போவதில்லை. மறுத்தால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்பது அவருக்குத்தான் அத்துப்படி. அந்த விதி வங்கிக்கு வங்கி மாறும். மூன்றாவது, ஓய்வுபெற்ற மேலாளர். இப்போதைய மேலாளர் வேண்டாம். எவ்வளவு நல்லவரானாலும், நீங்கள் போனால் அவர் கிளையில் ஓர் ஆள் குறையும்.

நான்காமவர் வங்கிக்கே சம்பந்தமில்லாதவர். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு. தெரிந்தவர் மூலம் புது வேலை பிடித்தவர்களில், அடிக்கடி சந்திக்கிறவர் மூலம் பிடித்தவர் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர் உதவியிருக்கிறார். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான். நம் மதுரைக்காரருக்கு, மாற்றலாகி மாற்றலாகிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு ரயில்வே ஊழியர் பொருத்தம். பத்தாவது முடிந்ததும் பள்ளி மாற்றலாமா, பாடத்திட்டம் இடிக்குமா என்பதை அவர் பட்டுத் தெரிந்தவர்.

"எழுதலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குக் கிடைப்பது அவரவர் சுபாவம். நடந்ததைக் கேளுங்கள். முதலில் எங்கே போட்டார்கள்? மாலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? கையில் வருவது எவ்வளவு கூடியது? 12,000 ரூபாய் கூடியது என்று வைத்துக்கொள்வோம். தனியாகச் சாப்பிட 6,000, மாதம் ஒருமுறை ஊர் வந்துபோக 4,000. மிச்சம் 2,000. இந்தக் கணக்கை அங்கே இருந்தவர்தான் சொல்ல முடியும். சொல்லாவிட்டால் விடாமல் கேளுங்கள், ரூபாயில் கேளுங்கள்.

நால்வரையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். முதலில் பேசுகிறவர் சொன்னதற்கே மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தனித்தனியாக, ஒரே கேள்விகளை, ஆளுக்கு அரைமணி நேரம். பதில்கள் முட்டிக்கொள்ளும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

வீட்டுக்காரம்மாவை இந்த நால்வரில் சேர்க்க வேண்டாம். அவர் யோசனை சொல்பவர் அல்ல, கூடச் சேர்ந்து முடிவெடுப்பவர்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: என்ன முடிவெடுத்தாலும் நால்வருக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள், அவர்கள் சொன்னதற்கு மாறாக இருந்தாலும். நீங்கள் சொல்லாமல் விட்டால், அடுத்த முறை உங்கள் போனை எடுக்க அவர்களுக்கு மனசு வராது. வணக்கம்.