பணம் வந்ததா, எவ்வளவு, இனி என்ன?

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் நடத்தும் ஒருவரிடம் கணக்கு பார்க்கிறேன். முன்பணம் வந்ததும் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவது என் வேலை. போன வருடம் வரை அது இப்படி இருந்தது:

“மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. தங்கள் கட்டணம் 05/06 அன்று வெற்றிகரமாகப் பெறப்பட்டது. விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்.”

சயானிலிருந்து ஒரு மாமி கூப்பிட்டார். “எவ்வளவும்மா வந்தது? மீதி எப்போ தரணும்?” இரண்டுமே செய்தியில் இல்லை. பணம் அனுப்பிய மகன் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 05/06 என்பதை மே 6 என்று படித்துவிட்டு, அன்று நான் அனுப்பவே இல்லையே என்று குழம்பியிருக்கிறார்.

அன்றைக்கே உட்கார்ந்து மாற்றி எழுதினேன்:

“₹25,000 எங்கள் கணக்கில் வந்து சேர்ந்தது.
5 ஜூன் 2025, வியாழன்
வங்கிக் குறிப்பு எண்: 515618204377
மீதி ₹35,000. 20 ஜூன், வெள்ளிக்குள் அனுப்பவும்.
எத்தனை இலை என்று 18 ஜூன், புதன் மாலைக்குள் சொல்லவும்.”

தொகையை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பூட்டிய போன் திரையில் செய்தியின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். அங்கே ‘மதிப்பிற்குரிய’ நின்றால் ரூபாய்க்கு இடமில்லை. மாதத்தைப் பெயரால் எழுதிக் கிழமையும் சேர்த்தால் தேதி குழம்பாது.

குறிப்பு எண்ணில்தான் நான் அதிகம் தடுமாறினேன். யூபிஐ, ஐஎம்பிஎஸ் இரண்டிலும் அது 12 இலக்கம். படிக்க வசதியாக நான்கு நான்காகப் பிரித்துப் போட்டேன். வாடிக்கையாளர் அதை அப்படியே காப்பி செய்து வங்கி ஆப்பில் தேடினால் இடைவெளியால் கிடைக்காமல் போகலாம். அதனால் சேர்த்தே எழுதுகிறேன். அதன் பக்கத்தில் எங்கள் பில் எண்ணைப் போடுவதில்லை. இரண்டு எண் இருந்தால் வங்கியில் தவறானதைத்தான் சொல்வார்கள். பில் எண் அவசியம் என்றால் ‘எங்கள் பில் எண்’ என்று பெயரிட்டுக் கடைசியில் போடலாம்.

அப்புறம், ‘வந்து சேர்ந்தது’ என்பதை எப்போது எழுதலாம்? வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி எழுதக் கூடாது. நெஃப்ட் பணம் அரைமணிக்கு ஒரு தொகுப்பாகத்தான் போகிறது. அனுப்பிய நிமிஷமே வந்துவிடாது. நம் கணக்கில் வரவைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். காசோலை என்றால் வாசகமே வேறு: “₹25,000 காசோலை கிடைத்தது. பணம் கணக்கில் ஏறியதும் மறுபடி தெரிவிக்கிறோம்.” அந்த இரண்டாவது செய்தியை மறக்காமல் அனுப்ப, என் மேஜைக் காலண்டரில் அன்றே குறித்து வைக்கிறேன்.