கண்ணீர் வராத பையன்

நேயர்களுக்கு வணக்கம். நடத்தைக் கோளாறு உள்ள வளரிளம் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளிடமும் இது உண்டு. பையன்களிடம் அதிகம் என்பதால் பையன்களை வைத்தே பேசுகிறேன்.

எதிர்த்துப் பேசுவது, படிக்காமல் இருப்பது, கதவை அறைந்து சாத்துவது, இவையெல்லாம் இந்தக் கணக்கில் வராது. அடிதடி, ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவது, மிருகங்களை வதைப்பது, திருட்டு, தீ வைப்பு, வீட்டை விட்டு ஓடுவது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாடு 15 செயல்களைச் சொல்கிறது. ஒரு வருடத்துக்குள் அவற்றில் குறைந்தது மூன்று நடந்திருக்க வேண்டும். அதிலும் ஒன்று கடைசி ஆறு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும்.

ஆனால் என்னிடம் வரும் பெற்றோர் இந்தச் செயல்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. "திருடினான், சரி சார். மாட்டிக்கிட்டப்போ முகத்துல ஒரு சலனம் இல்லை. எருமை மேல மழை பெய்ஞ்ச மாதிரி நிக்கிறான். இவனுக்கு மனசே கிடையாதா?" இதைத்தான் கேட்கிறார்கள். நானும் இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்த ஈரமின்மையை 2013-இல் அந்த வகைப்பாட்டிலேயே தனிக் குறிப்பாகச் சேர்த்தார்கள். அதற்குப் பார்ப்பது நான்கு விஷயம். செய்த தப்புக்கு வருந்துகிறானா? அடுத்தவர் வலி அவனுக்கு உறைக்கிறதா? பள்ளியிலோ வேலையிலோ தான் மோசமாகச் செய்வது பற்றிக் கவலை உண்டா? அவன் காட்டும் உணர்ச்சி உண்மையா, காரியம் ஆகக் காட்டும் நடிப்பா? இந்த நான்கில் குறைந்தது இரண்டு இல்லாமல் இருக்க வேண்டும். அதுவும் ஒரு வருடமாக, ஒருவரிடம் மட்டுமல்லாமல் பலரிடமும், வீட்டில் மட்டுமல்லாமல் வெளியிலும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதை அளக்க அமெரிக்க உளவியலாளர் பால் ஃப்ரிக் உருவாக்கிய 24 வரிக் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. பையன், பெற்றோர், ஆசிரியர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி வடிவம். நல்ல கருவிதான். ஆனால் இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் கல்நெஞ்சன் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு அதில் கிடையாது. பையனோ கெத்துக்காக "எனக்கு யார் மேலயும் அக்கறை இல்லை" என்று எழுதிவிடுவான். முந்தின நாள் சண்டை போட்ட அம்மா எல்லாவற்றுக்கும் அந்தச் சூட்டோடு பதில் எழுதுவார். அதனால் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளை ஆளாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் விடாமல் கேட்கும் ஆள், பாட்டி. சிரிக்காதீர்கள், காரணத்தோடுதான் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அப்பா அழைத்து வந்திருந்தார். இந்த உரையில் வரும் பையன்கள் நான் பார்த்த பலரைக் கலந்து சொல்பவர்கள், எந்த ஒரு வீட்டையும் குறிப்பவர்கள் இல்லை. அவன் அப்பா முன்னால் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தான். கேட்டதற்குப் பதிலும் இல்லை, வருத்தமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் தந்த தாள்கள் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. வெளியே உட்கார்ந்திருந்த பாட்டியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்குச் சர்க்கரை இறங்கின ராத்திரி இவன்தான் தூங்காம பக்கத்துல இருந்தான். விடிஞ்சதும் பின்கட்டுல போய் அழுதான், அவங்க அப்பனுக்குத் தெரியாம" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அப்பா பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டால் இவன் முகம் உறைந்துவிடுமாம், சின்ன வயதிலிருந்தே.

அவனுக்கு நடத்தைக் கோளாறு உண்டு, ஈரமின்மை இல்லை. அடி விழும்போது முகத்தை மூடி வைக்கக் கற்றுக்கொண்டவன் அவன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் தூக்கம் எப்படி, பதற்றம் உண்டா, அடி வாங்கியிருக்கிறானா என்று கேட்காமல் அந்த முத்திரையைக் குத்தக் கூடாது. பாட்டி இல்லாத வீட்டில் கோச், கடைக்காரர், தங்கை என்று யாராவது இருப்பார்கள். அவர்களைக் கேட்கலாம்.

சரி, உண்மையிலேயே ஈரமில்லாத பையனும் வருவான். ஆசிரியர், அத்தை, கூட விளையாடுகிறவன் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும் பையன். தெருநாயைக் கல்லால் அடித்துவிட்டு ஏன் என்று கேட்டால் "சும்மா" என்பான். அவனைப் பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? அடியைக் கூட்டுவார்கள். அதுவும் தீர்ந்தால், தெரிந்த போலீஸ்காரரிடம் கூட்டிப்போய் "நாலு தட்டு தட்டி அனுப்புங்க" என்பார்கள். அமெரிக்காவில் பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் திட்டங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். போகாதவர்களைவிடப் போய் வந்தவர்கள்தான் அதிகம் குற்றம் செய்தார்கள்.

2005-இல் டேவிட் ஹாஸ், மார்க் டாட்ஸ் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் நான்கு முதல் எட்டு வயதுப் பையன்களோடு பெற்றோர் பயிற்சி நடத்தினார்கள். ஈரமின்மை உள்ளவர்களிடம் தனியே உட்கார வைக்கும் தண்டனை சரியாக எடுபடவில்லை. ஆனால் பாராட்டும் பரிசும் மற்றவர்களிடம் போலவே இவர்களிடமும் வேலை செய்தன. அவர்கள் சின்னப் பிள்ளைகள், பதினாலு வயதுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அது காட்டுகிறது.

குடும்பத்தோடு செய்யும் சிகிச்சையில் முதலில் பார்ப்பது வீட்டுச் சண்டையின் போக்கை. அம்மா எழுப்புகிறார், பையன் கத்துகிறான், அம்மா இன்னும் கத்துகிறார், அவன் தட்டைத் தூக்கி எறிகிறான், "எப்படியோ போ" என்று அம்மா விட்டுவிடுகிறார். எறிந்தால் விட்டுவிடுவார்கள் என்று அவன் கற்றுக்கொண்டான். விட்டுவிட்டால் வீடு அமைதியாகும் என்று அம்மாவும் கற்றுக்கொண்டார். ஓரிகனில் வீடு வீடாகப் போய்க் கவனித்த ஜெரால்ட் பேட்டர்சன் சொன்ன சுழல் இது.

இதை உடைக்க, அப்படி ஈரமில்லாத ஒரு பையன் வீட்டில் இரண்டே விஷயம் எடுத்தோம். ஏழு மணிக்குள் வீடு திரும்புவது, எங்கே போகிறான் என்று சொல்லிவிட்டுப் போவது. இரண்டையும் செய்தால் அன்று ராத்திரியே ஒரு மணி நேரம் போன். செய்யாவிட்டால் போன் இல்லை, பேச்சும் இல்லை, மறுநாள் புதுக்கணக்கு. தரும்போது அப்பா அவன் கண்ணைப் பார்த்து, "ஏழு மணிக்கே வந்துட்ட, சந்தோஷம்" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். இங்கேதான் சறுக்கினார்கள். "இன்னைக்கு மட்டும் ஒழுங்கா வந்தியாக்கும்" என்று ஒரு குத்தோடு போனைக் கொடுத்தார் அப்பா. போன் இல்லாத நாளில் அம்மா தன் போனை ரகசியமாகக் கொடுத்தார். இரண்டையும் சரிசெய்யவே மூன்று வாரம் ஆனது. அந்த வாரங்களில் அவன் முன்பைவிட மோசமாகக் கத்தினான். கத்தினால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை, அதனால். பயந்து அப்போது கைவிட்டால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிடும்.

"இவன் போனுக்காகத்தானே வர்றான், திருந்திட்டானா?" என்று அப்பா கேட்டார். போனுக்காகத்தான் வருகிறான், வரட்டும். அவன் அழுகிறானா என்று பார்க்காதீர்கள். ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறானா, பள்ளியிலிருந்து புகார் போன் குறைந்ததா என்று பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பள்ளி, கூட்டாளிகள், மருந்து என்று மூன்று தலைப்பு எழுதி வந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பையன்களை மட்டும் ஒரே குழுவாகச் சேர்த்து உட்கார வைக்காதீர்கள், ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொள்வான். ஈரமின்மைக்கு மருந்து இல்லை. கூடவே கவனக்குறைவுக் கோளாறு இருந்தால் அதற்கு உண்டு. வீட்டுக்கே வந்து பல மாதம் செய்யும் பல்முனைச் சிகிச்சை வெளிநாடுகளில் இருக்கிறது. அதுவும் எல்லா இடத்திலும் ஜெயிக்கவில்லை. 2018-இல் வெளியான இங்கிலாந்துச் சோதனையில் வழக்கமான உதவியைவிட அது மேலாகத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். வணக்கம்.