வறுத்தால் குறையும் எடை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் காபிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்கும் கடையை 22 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கொட்டை பெரும்பாலும் ஏற்காட்டிலிருந்து வருகிறது. விலை ஏறும்போது வாடிக்கையாளரிடம் கணக்கைக் காட்டலாமா, கூடாதா என்பதுதான் இன்று நான் பேசப்போவது.

2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா காபியின் விலை ஒரு பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு பிரேசிலில் அடித்த வறட்சி முக்கியமான காரணம். பிரேசிலில் மழை பொய்த்தால் சேர்வராயன் மலையில் விலை ஏறும். நம் தோட்டக்காரர்களும் அந்தச் சந்தையைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். என் கடையில் கிலோ 560 ரூபாய்க்கு விற்ற தூள் 760 ஆனது. இருபது வருடம் வந்துகொண்டிருந்தவர்கள் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அரைக் கிலோவுக்குப் பதில் கால் கிலோ வாங்கிப் போனார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. ஒரு கரும்பலகையில் முழுக் கணக்கையும் எழுதி வாசலில் மாட்டினேன்.

பச்சைக் கொட்டை கிலோ 480 ரூபாய். ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு வேண்டிய பச்சைக் கொட்டையின் விலை 578. எரிபொருள், மின்சாரம் 18. ஆள் கூலி 32. பொட்டல உறை 24. வாடகை, இயந்திரக் கடன் 38. லாபம் 70. ஆக 760. வரி தனி.

எல்லோரும் நின்றது அந்த 480க்கும் 578க்கும் நடுவில்தான். "இந்த 98 ரூபாய் எங்கே போனது?" என்று ஒருவர் கேட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு ஈரம் இருக்கிறது. வறுக்கும்போது அது ஆவியாகிவிடும். மேல்தோல் உதிர்ந்து பறந்துவிடும். கொட்டைக்குள் இருக்கும் பொருளிலும் ஒரு பகுதி வாயுவாக மாறி வெளியேறும். நடுத்தர வறுவலில் ஒரு கிலோ போட்டால் 830 கிராம்தான் திரும்பக் கிடைக்கும். நான் சொன்னால் நம்ப வேண்டாம் என்று தராசை வாசலுக்கே கொண்டுவந்து வைத்தேன். போடும்போது ஒரு எடை, எடுக்கும்போது ஒரு எடை, இரண்டையும் அவர்களே பார்த்தார்கள்.

அன்று ஒரு பாட்டியம்மா பக்கத்தில் நின்றிருந்தார். கேள்வி கேட்டவரைப் பார்த்து, "ஏன் தம்பி, நீங்கள் அரிசி வறுத்ததே இல்லையா? படி நிறைய வறுத்து இறக்கினால் அளவு அப்படியேதான் இருக்கும், கையில் தூக்கினால் கனம் இருக்காது" என்றார். நான் ஒரு மணி நேரம் பேசியும் புரியவைத்திருக்க முடியாததை அவர் ஒரு வாக்கியத்தில் புரியவைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த 98 ரூபாயைப் பற்றி யாரும் வாதாடவில்லை. இன்னொன்றும் நடந்தது. நன்றாகக் கறுக்க வறுத்துக் கேட்பவர்கள் உண்டு. அதில் எடை நூற்றுக்கு இருபது வரை குறையும். கொட்டைச் செலவு 600 ஆகிவிடும். அந்த 22 ரூபாயைக் கூட்டிக் கேட்டபோது, தராசைப் பார்த்திருந்தவர்கள் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

ஆனால் பலகையில் அதற்குக் கீழே எழுதியிருந்த வரிகள் எனக்கு எதிராகவே திரும்பின. "நான் பாத்திரம் கொண்டுவருகிறேன், உறைக்கான 24 ரூபாயைக் கழியுங்கள்" என்றார் ஒருவர். அது நியாயம், கழித்தேன். அடுத்தவர், "வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறேன், கூலியைக் குறையுங்கள்" என்றார். அந்தக் கூலியில் பெரும்பகுதி வறுப்பவருடையது என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? மூன்றாமவர், "உங்கள் இயந்திரக் கடனை நான் ஏன் அடைக்க வேண்டும்?" என்று கேட்டார். 760 என்ற ஒரு விலை இருந்த இடத்தில் ஆறு விலைகளை வைத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பேரம் நடந்தது.

இது ஏன் என்று புரிய நாம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனால் போதும். கொலுசு வாங்கிய அனுபவம் சேலத்து வீடு ஒவ்வொன்றிலும் இருக்கும். வெள்ளி விலை, செய்கூலி, சேதாரம் என்று பிரித்துச் சொல்வார்கள். வெள்ளி விலையில் யாராவது பேரம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? பேச மாட்டார்கள். அது காலைச் செய்தித்தாளிலேயே இருக்கிறது. பேரம் முழுவதும் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். வாங்குபவர் வெளியே போய்ச் சரிபார்க்கக்கூடிய வரியில் சண்டை வருவதில்லை. கடைக்காரர் வாய்வார்த்தையை மட்டும் நம்பவேண்டிய வரியில்தான் சந்தேகம் வந்து உட்காருகிறது. என் பலகையிலும் அதேதான்: கொட்டை விலையை ஏற்காட்டில் விசாரிக்கலாம், வறுவல் இழப்பைத் தராசில் பார்க்கலாம். வாடகையை யார் பார்ப்பது?

ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் ஒரு வளாக உணவகத்தில் கோழி நூடுல்ஸ் சூப்புக்கு ஆகும் செலவைப் பிரித்து எழுதிவைத்துப் பார்த்தார்கள். விற்பனை சுமார் 21 சதவீதம் கூடியது. ஆனால் அதே ஆய்வில், கடையின் லாபம் பெரிதாகக் கண்ணில் படும்போது அந்தப் பலன் மங்குவதும் தெரிந்தது. நான் லாபத்தையும் எழுதி மாட்டியிருந்தேன். 70 ரூபாய் பெரிய லாபம் அல்ல. ஆனாலும் பலகையில் கடைசியாக இருந்ததால் கண் அங்கேயே போய் நின்றது.

பலகையை மூன்று வரியாக்கினேன். கொட்டை வாங்கிய விலை, வறுத்தபின் ஆகும் விலை, மற்ற செலவும் எங்கள் பங்கும் சேர்த்து 182. தராசு அப்படியே இருந்தது. சில்லறைப் பேரம் நின்றுவிட்டது.

அப்படியும் ஒரு பிழை மிச்சமிருந்தது. என்னிடம் மொத்தமாக வாங்கும் ஓர் உணவகக்காரர் பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தார். சில மாதங்கள் கழித்துக் கொட்டை விலை 440க்கு இறங்கியதும் அந்தப் படத்தைக் காட்டி, "ஐயா, இன்றே குறையுங்கள்" என்றார். என் கிடங்கில் இருந்ததோ 480க்கு வாங்கிய கொட்டை, இன்னும் ஆறு வாரத்துக்கு. அவர் கேட்டதில் தவறில்லை, நான் எழுதியதில்தான் தவறு. வாங்கிய மாதத்தை நான் எழுதவே இல்லை. இப்போது விலைக்குப் பக்கத்தில் வாங்கிய மாதமும் இருக்கிறது. புதுக் கொட்டை வந்த அன்று யாரும் கேட்கும் முன்பே 48 ரூபாய் குறைத்து 712 என்று எழுதினேன். ஏற்றத்துக்குக் கொட்டை விலையைக் காரணம் சொன்னால், இறக்கத்தில் அதை மறைக்க முடியாது. மறைத்தால் அடுத்த ஏற்றத்தில் பலகையை யாரும் படிக்க மாட்டார்கள்.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார். சிக்கரியைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். உறையில் சிக்கரியின் சதவீதம் அச்சிட்டிருக்கும், இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும் முன் அதைப் பாருங்கள் என்பதோடு விடுகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று. மலையில் ஒரு சிறு விவசாயி பழத்தைத் தோலோடு நிழலில் நாள்கணக்கில் காயவைத்து, ஒரு மூட்டை மட்டும் தனியாகக் கொடுக்கிறார். அதை நான் கிலோ 1,600க்கு விற்கிறேன். அதற்கு மட்டும் பலகை கிடையாது. கணக்குப் போட்டால் செலவு அவ்வளவு வராது. அந்த விலை குடிப்பவரின் நாக்குக்கு. அதனால் அங்கே தராசுக்குப் பதில் ஒரு டம்ளர் காபி வைத்திருக்கிறேன். குடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பவரிடம் நான் கணக்குப் பேசுவதில்லை. வணக்கம்.